யானைக்கு எந்த வழி மலிவு?

மசினகுடியில் நின்று தெற்கே பார்த்தால் நீலகிரி மலை செங்குத்தாக எழுந்து நிற்பது தெரியும். சீகூர் பீடபூமி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மலை சட்டென்று ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி ஊட்டியைத் தொடுகிறது. வடக்கே மாயாறு. சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு அது பாறையை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. மேற்கே முதுமலை, கிழக்கே சத்தியமங்கலம். இந்த இரண்டு காடுகளுக்கும் இடையே போய்வரும் யானைக்கு, தெற்கே மலையும் வடக்கே பள்ளமும் விட்டுவைத்திருப்பது நடுவிலுள்ள சமதளம் மட்டும்தான். மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் ஆகிய ஊர்களும் அவற்றைச் சுற்றிய வயல்களும் தங்கும் விடுதிகளும் இருப்பதும் அதே சமதளத்தில்தான்.

இங்கே யானை வழித்தடம் என்று தமிழக அரசு 2010-ல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றமும் 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. தமிழகம் முழுமைக்கும் 42 யானை வழித்தடங்களைப் பட்டியலிட்ட அறிக்கை 2024-ல் வந்தபோது கூடலூர்ப் பக்கத்தில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. வழித்தடம் என்ற சொல் கடைசியில் யாரோ ஒருவருடைய சர்வே எண்ணில் போய் நிற்கிறது. அந்தக் கோட்டை வரைந்தது யார், எப்படி வரைந்தார்கள் என்று கேட்பது அந்த நிலத்துக்காரரின் உரிமை.

கோடு வரைய வழிகள் பல உண்டு. நெடுங்காலமாக அங்கேயே வாழும் இருளர், குறும்பர் போன்றோரிடமும் வேட்டைத் தடுப்புக் காவலர்களிடமும் கேட்டு, சாணமும் தடமும் பார்த்து வரைவது ஒரு வழி. பரந்த நிலப்பகுதிகளுக்கு இப்போது அதிகம் கையாளப்படுவது கணினி வழி. திட்ட அறிக்கைகளில் பச்சையும் சிவப்புமாக அச்சாகும் வழித்தட வரைபடங்களில் பலவும் இப்படி வந்தவைதான். அதன் உள்வேலை அப்படியொன்றும் கடினமானதல்ல. தெரிந்துகொண்டால், எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில், நிலத்தொடர்ச்சி என்றால் என்ன? 1993-ல் சூழலியலாளர்கள் நான்கு பேர் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு நல்ல விளக்கம் தந்தது. ஒரு நிலப்பரப்பு, அதிலுள்ள வாழிடத் துண்டுகளுக்கு இடையே உயிர்கள் நடமாடுவதற்கு எந்த அளவு உதவுகிறது, எந்த அளவு தடுக்கிறது என்பதே அதன் தொடர்ச்சி என்றார்கள். ஆக, வரைபடத்தில் பச்சை விட்டுப்போகாமல் இருந்தால் போதாது. இரண்டு காடுகள் ஒட்டியிருந்தும் நடுவே சோலார் வேலி ஓடினால் யானைக்கு அங்கே தொடர்ச்சி இல்லை. நடுவே இரண்டு கிலோமீட்டர் மானாவாரிக் காடு கிடந்தாலும், ஆளரவம் அடங்கிய இரவில் யானை அதைக் கடந்துவிடும். மரத்தை விட்டு இறங்க விரும்பாத சிங்கவால் குரங்குக்கு ஒரு தார்ச்சாலையே பெரிய தடை. வால்பாறையில் புதுத்தோட்டம் பக்கம் சாலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டியது அதற்காகத்தான். அதே சாலையைப் புள்ளிமான் சில நொடிகளில் தாண்டிவிடும். எனவே எந்த விலங்குக்கு என்று சொல்லாத வழித்தட வரைபடத்துக்குப் பொருளே கிடையாது.

விலங்கைத் தேர்ந்தெடுத்த பிறகு, நிலத்தைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒரு கட்டம் 30 மீட்டராக இருக்கலாம், 100 மீட்டராகவும் இருக்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். அந்த விலங்கு அந்தக் கட்டத்தைக் கடப்பது எவ்வளவு கடினம், எவ்வளவு ஆபத்து, அதற்கு எவ்வளவு தயங்கும் என்பதெல்லாம் சேர்ந்ததே அந்த எண். எளிதில் கடக்கக்கூடிய காட்டுக்கு 1. கடப்பது கடினமாகக் கடினமாக எண் கூடும். இப்படி எண் நிரம்பிய வரைபடத்தைத் தடைப்பரப்பு என்கிறார்கள்.

இந்த எண்ணுக்கு ஓர் உடல் காரணம் இருந்தால் மிகவும் நல்லது. யானைக்குச் சரிவு அப்படிப்பட்டது. நான்கு டன் எடையுள்ள யானை 100 மீட்டர் உயரம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையைத் தூக்குவதற்கு மட்டும் சுமார் 940 கிலோ கலோரி ஆற்றல் வேண்டும். தசைகள் உண்ட உணவின் ஆற்றல் முழுவதையும் வேலையாக மாற்றுவதில்லை. ஆகவே உண்மையான செலவு இதைப் போலப் பல மடங்கு. அதை ஈடுகட்ட யானை கூடுதல் நேரம் மேய வேண்டும். கென்யாவின் சம்புரு பகுதியில் யானைகளுக்கு ஜி.பி.எஸ். பட்டை மாட்டி ஆராய்ந்தவர்கள், அவை குன்றுகளைத் தெளிவாகத் தவிர்ப்பதை 2006-ல் காட்டினார்கள். சீகூருக்கு மேலே நிற்கும் சரிவுக்கு அதிகமான தடை எண் கொடுத்தால் அதில் யாரும் குறை காண முடியாது.

வயலுக்கு என்ன எண் கொடுப்பது? சிக்கல் இங்கே தொடங்குகிறது. பகலில் வயலில் ஆள் இருக்கிறார், நாய் குரைக்கிறது. இரவில் அங்கே சோளமும் வாழையும் இருக்கின்றன. பகலுக்கு 50 பொருந்தலாம், இரவுக்கு 5 பொருந்தலாம். 2012-க்கு முந்தைய ஆய்வுகளில் பெரும்பங்கு, இந்த எண்ணை வல்லுநர்களின் கருத்தைக் கேட்டுத்தான் இட்டது. அனுபவமுள்ளவரின் கருத்து மதிப்புள்ளதுதான். ஆனால் அது கணக்குக்குள் நுழைந்துவிட்டால், வெளியே வரும்போது அளந்து எடுத்த எண் போலத் தோன்றுகிறது. இது ஆபத்தானது.

எண்கள் இட்டதும் மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் வழிகளில், கடக்கும் கட்டங்களின் எண்களைக் கூட்டினால் எந்த வழிக்குக் கூட்டுத்தொகை மிகக் குறைவோ அதுதான் குறைந்த செலவு வழி. கோடிக்கணக்கான வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்காமலேயே அதைக் கண்டுபிடிக்கும் முறையை நெதர்லாந்தின் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்டார். நம் கைப்பேசியில் ஊருக்கு வழி தேடும்போது நடப்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த கணக்குதான்.

ஒரு சிறு கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. நில அமைப்பு சீகூரை ஒத்தது.

ஒரு கட்டம் 100 மீட்டர். இரண்டு காடுகளுக்கு நடுவே ஓர் ஊர். நேர்வழியில் போனால் 3 கிலோமீட்டர், அதாவது 30 கட்டங்கள். அதில் 10 காடு, 20 வயல். மலையடிவாரமாகச் சுற்றிப் போனால் 6 கிலோமீட்டர், 60 கட்டங்கள். அதில் 50 காடு, 10 சற்றுச் சரிவான இடம். காட்டுக்கு 1, சரிவுக்கு 8, வயலுக்கு 15 என்று எண் கொடுப்போம். நேர்வழியின் செலவு 10-உம் 300-உம் சேர்ந்து 310. சுற்றுவழியின் செலவு 50-உம் 80-உம் சேர்ந்து 130. தூரம் இரட்டிப்பாக இருந்தும் சுற்றுவழியே மலிவு. கணினி மலையடிவாரத்தில் கோடு போடும்.

இப்போது அந்த அடிவாரத்தில் சில விடுதிகள் வந்து வேலி போடுகின்றன. நான்கே நான்கு காட்டுக் கட்டங்கள் அடைபடுகின்றன. அவற்றின் எண் 1-லிருந்து 100 ஆகிறது. சுற்றுவழியின் செலவு 46, 400, 80 மூன்றும் சேர்ந்து 526. நேர்வழி இன்னும் 310-லேயே இருக்கிறது. கோடு ஒரே தாவலில் வயலுக்கு வந்துவிட்டது. வேலி போட்டவர் ஓரிடத்தில், இரவில் யானையை எதிர்கொள்பவர் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. வயலில் யானை வருவது புதிதாக அதிகரித்தால், அந்த வயலை மட்டும் பார்த்துக் காரணம் தேடக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அடுத்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வேலி எதுவும் வரவில்லை. வயலுக்கு 15 என்பதற்குப் பதிலாக வேறொரு வல்லுநர் 5 என்று சொல்லிவிட்டார். நேர்வழியின் செலவு 110. சுற்றுவழி அதே 130. நிலத்தில் ஒரு செடிகூட மாறவில்லை, வழித்தடம் மட்டும் ஊர் நடுவே வந்துவிட்டது. எந்த எண்ணில் கோடு இடம் மாறுகிறது என்று பார்த்தால், வயலின் தடை சரியாக 6 ஆக இருக்கும்போது இரண்டு வழிகளின் செலவும் 130. 6-க்கு மேல் என்றால் அடிவாரம், 6-க்குக் கீழ் என்றால் வயல். ஆக, அந்த அறிக்கை பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த ஊரின் வயல் யானைக்கு 6-க்கு மேலா கீழா? அதற்கு என்ன ஆதாரம்? இந்தத் திருப்புமுனை எண்ணையும் அதற்கான ஆதாரத்தையும் சொல்லாமல் கோட்டை மட்டும் அச்சிடும் அறிக்கையை நான் நம்பமாட்டேன். தடை எண் அட்டவணை பின்னிணைப்பிலாவது இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை கிராம சபைக்கு இருக்க வேண்டும்.

கோடு ஒரு கட்டம் அகலம். யானைக் கூட்டம் அப்படி ஒற்றை வரிசையில் கணினிக் கோட்டின்மேல் நடக்காது. அதனால் அடுத்த படியாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் முதல் காட்டிலிருந்து அங்கே வர ஆகும் செலவையும், அங்கிருந்து மறு காட்டுக்குப் போக ஆகும் செலவையும் கூட்டுவார்கள். மிக மலிவான வழியின் மேலுள்ள கட்டங்களுக்குக் கூட்டுத்தொகை 130 வரும். பத்து சதவீதம் கூடுதலாக 143 வரை வரும் கட்டங்களை எல்லாம் சேர்த்தால் ஒரு பட்டை கிடைக்கும். அதுதான் வழித்தடம். பத்து சதவீதம் என்பதும் ஒரு முடிவுதான், இயற்கை சொன்ன எண் அல்ல. ஐந்து என்றால் பட்டை மெலியும், இருபது என்றால் பல தோட்டங்கள் உள்ளே வரும்.

அந்தப் பட்டையின் அகலம் இடத்துக்கு இடம் மாறுவதைத் திட்டமிடுபவர்கள் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள இடத்தில் ஒரு வீடு வந்தால் யானை ஒதுங்கிப் போகும். இரண்டு கட்டங்களுக்குச் சுருங்கும் கழுத்தில் அதே வீடு வந்தால் பாதை முடிந்தது. இப்படிப்பட்ட கழுத்துகளைக் கண்டுபிடிக்க அமெரிக்கச் சூழலியலாளர் பிராட் மெக்ரே மின்சுற்றுக் கணக்கைக் கொண்டுவந்தார். சர்க்யூட்ஸ்கேப் என்ற மென்பொருள் அதற்கானது. குறைந்த செலவு முறை, விலங்குக்கு முழு நிலமும் தெரியும் என்றும் அது எப்போதும் சிறந்த வழியையே எடுக்கும் என்றும் வைத்துக்கொள்கிறது. பல தலைமுறைப் பழக்கமுள்ள யானைக் கூட்டத்துக்கு அது ஓரளவு பொருந்தும். தாயை விட்டுப் பிரிந்து முதன்முறையாகப் புது இடம் தேடிப் போகும் இளம் புலிக்குப் பொருந்தாது. மின்னோட்ட முறையில் எல்லா வழிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் ஓட்டம் பிரியும். மாற்று வழி இல்லாத இடத்தில் ஓட்டம் முழுவதும் ஒன்றாக நெருக்கும். அந்த நெருக்கம்தான் கழுத்து. இரண்டு கணக்கையும் போட்டு, இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் அந்த இடத்தை முதலில் காப்பாற்ற வேண்டும்.

தவறுகள் பெரும்பாலும் கணக்கில் நேர்வதில்லை, கணக்குக்குக் கொடுக்கும் வரைபடத்தில் நேர்கின்றன. செயற்கைக்கோள் படத்தில் சோலார் வேலி தெரியாது. இரண்டு மூன்று கம்பிகளை 10 மீட்டர் கட்டமுள்ள படம் எப்படிக் காட்டும்? அகழியும் பெரும்பாலும் தெரியாது. உண்ணிச்செடி மண்டிய காடு மேலிருந்து பச்சையாகத் தெரியும். முதுமலையில் அது எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். அந்தப் புதருக்கு அடியில் புல் முளைக்காது. வேலியையும் அகழியையும் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்துபோய்த்தான் குறிக்க வேண்டும். அதைச் செய்யாத தடைப்பரப்பு, அடைபட்ட இடத்தைத் திறந்த இடமாகக் காட்டும்.

குறித்த பிறகும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேலியோ சாலையோ குறுக்குவாட்டமாக ஓடினால், கட்டங்களில் அது படிக்கட்டுப் போல மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டு பதிவாகும். கணினிக்கு மூலை வழியாகவும் நகர அனுமதி இருப்பதால், இரண்டு வேலிக் கட்டங்கள் தொடும் அந்தப் புள்ளி வழியாகக் கோடு நழுவிவிடும், வேலியின் செலவைக் கட்டாமலேயே. நிலத்தில் அங்கே ஓட்டை எதுவும் இல்லை. வரைபடத்தைப் பெரிதாக்கி, கோடு வேலியைக் கடக்கும் ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் பார்த்தால் இந்தப் பிழை பிடிபடும்.

மாநில அறிக்கைகளில் எல்லைப் பிழையும் ஏற்படக்கூடும். மாயாற்றுக்கு அப்பால் பந்திப்பூர், கர்நாடகம். தமிழ்நாட்டுத் தரவை மட்டும் வைத்து எல்லையில் வரைபடத்தை வெட்டிவிட்டால், அந்தப் பக்கமாகப் போகும் வழி கணக்கிலேயே இருக்காது. எல்லா நடமாட்டமும் இந்தப் பக்கத்திலேயே நெருக்கிக்கொண்டு வருவதாகத் தோன்றும். ஆய்வுப் பகுதியைச் சுற்றி, அந்த விலங்கு நடமாடும் தூரத்துக்கேற்ற அகலத்தில் கூடுதல் நிலத்தைச் சேர்த்துக் கணக்கிட்டு, பிறகு வேண்டுமானால் வெட்டிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட நினைவில் வைக்க வேண்டியது, இந்தக் கணக்கு எப்போதும் ஒரு விடையைத் தரும் என்பதுதான். சென்னைக் கடற்கரையிலிருந்து ஆனைமலைக்கு வழி கேட்டாலும் ஒரு கோடு வரும். இருப்பதில் மலிவானது எது என்றுதான் அது சொல்கிறதே தவிர, அந்த வழியே விலங்கு போகும் என்று சொல்வதில்லை. கூட்டுத்தொகையைக் கட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் ஒரு குறிப்புக் கிடைக்கும். நம் சுற்றுவழிக்கு 130-ஐ 60-ஆல் வகுத்தால் இரண்டுக்குச் சற்று மேல். காட்டுக்குள் நடப்பதற்கு அருகில். வேலி வந்த பிறகான நேர்வழிக்கு 310-ஐ 30-ஆல் வகுத்தால் பத்துக்கு மேல். இரண்டையும் ஒரே பச்சை நிறத்தில் தீட்டி வழித்தடம் என்று பெயரிடுவது தவறு.

கோடு சரியா என்று பார்க்க, அதை வரையப் பயன்படுத்தாத வேறு தரவு வேண்டும். பட்டை மாட்டிய யானை நடந்த தடம், தானியங்கிக் கேமராப் படம், சாண எண்ணிக்கை, மரபணு எல்லாம் உதவும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யானை அன்றாடம் மேயும் இடங்களை வைத்துத் தடை எண் கண்டுபிடித்தால், அது தங்க விரும்பும் இடம்தான் தெரியவரும். தங்க விரும்பாத இடத்தையும் விலங்கு வேகமாகக் கடந்து போகும். இருப்பிடத் தரவு மட்டும் இருந்தால் வயலின் தடையை மிகையாக மதிப்பிட்டுவிடுவோம். மரபணு இதற்கு வேறு வகையில் பதில் சொல்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கருங்கரடிகளின் மரபணுவை எடுத்து, நூற்றுக்கு மேற்பட்ட தடைப்பரப்புகளை ஒன்றோடொன்று மோதவிட்டு எது பொருந்துகிறது என்று 2006-ல் பார்த்தார்கள். கரடிகளின் மரபணுக் கலப்பு வெறும் தூரத்தைவிட, காடு இருப்பதையும் நடுத்தர உயரத்தையும் ஒட்டியே அமைந்திருந்தது. ஆனால் மரபணு மெதுவாகத்தான் பேசும். ஐந்தாண்டுக்கு முன் வந்த வேலியின் விளைவு, நீண்ட ஆயுள் கொண்ட யானையின் மரபணுவில் இன்று தெரியாது. அதற்குக் கேமராவும் கால்தடமும்தான் ஆதாரம்.

தடை எண்ணை மனிதர்கள் மாற்றவும் முடியும் என்பதற்கு மத்திய இந்தியாவில் ஓர் இடம் இருக்கிறது. மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பரவியுள்ள பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் ஊடாக 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை போகிறது. கன்ஹாவுக்கும் பெஞ்சுக்கும் இடையிலான புலி வழித்தடத்தை அது வெட்டுகிறது. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு, சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தும்போது மகாராஷ்டிரப் பகுதியில் ஒன்பது இடங்களில் சாலையைத் தூக்கி, கீழே விலங்குகள் போக வழி விட்டார்கள். 50 மீட்டரிலிருந்து 750 மீட்டர் வரை அகலம். 2019-ல் இந்தியக் காட்டுயிர் நிறுவனம் கீழே கேமராக்களை வைத்தபோது புலி உட்பட 18 வகைக் காட்டு விலங்குகள் அவ்வழியே நடந்தது பதிவானது. இனி அந்தப் பகுதியின் தடைப்பரப்பை வரைபவர் நெடுஞ்சாலை முழுவதற்கும் ஒரே எண் போட முடியாது. ஒன்பது இடங்களுக்குத் தாழ்ந்த எண், மீதிச் சாலைக்கு முன்பைவிட அகலமும் வேகமும் கூடியதால் உயர்ந்த எண். மானுக்கு ஓர் எண், புலிக்கு வேறு எண். கீழ்வழிகளை நோக்கி வரும் காட்டுப் பகுதியில் யாராவது வேலி போட்டால், கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.